நான்கு பக்க அளவுகளோடு ஒரு மூலைவிட்டம்

பத்திரத்தில் ஒரு ஜோடி எதிர்ப் பக்கங்கள் தலா 40 அடி, மறு ஜோடி தலா 60 அடி என்றும் பரப்பு 5.25 சென்ட் என்றும் இருந்த ஒரு மனைக்கு நான் வரைபடம் தயாரித்தேன். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் பரப்பு 2,286.9 சதுர அடி. செவ்வகமாக இருந்தால் 2,400 வந்திருக்க வேண்டும் என்பதிலிருந்தே மூலைகள் செங்கோணம் அல்ல என்று தெரிந்தது.

நான்கு பக்கங்கள் மட்டும் வடிவத்தை நிலைநிறுத்தாது. ஆகவே குறுகிய மூலைவிட்டத்தையும் அளந்தேன். அது 61 அடி 2 அங்குலம், இதை 61.2 என எழுதாமல், அங்குலத்தை 12ஆல் வகுத்து 61.17 என்றே கொள்ள வேண்டும்.

அடியை 0.3048ஆல் பெருக்க, 12.192, 18.288, 18.644 மீட்டர் கிடைத்தன. 1:100 அளவுத்திட்டத்தில் மூலைவிட்டத்தை 186.4 மில்லிமீட்டர் கோடாக வரைந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் 121.9, 182.9 மில்லிமீட்டர் விற்களை வெட்டி ஒரு மூலையையும், மறுபுறம் அவ்விரு அளவுகளை இடம் மாற்றி எதிர் மூலையையும் குறித்தேன். இரு முக்கோணங்களின் பரப்பும் சேர்ந்து 212.4 சதுர மீட்டர், சென்டுக்கு 40.47 வீதம் பத்திரப் பரப்பு 212.5.