பெயர்த் திருத்தக் கடிதம்: ஒரு வரிக்கு ஒரு பிள்ளை

டெல்லியில் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நம் பிள்ளைகளின் பெயரில் அதிகம் அடிபடுவது ழகரம்தான். கயல்விழி என்ற பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் Kayalvizhi என்று இருக்க, சேர்க்கைப் பதிவேட்டில் Kayalvili என்று ஏறியிருந்தது. காதில் விழுந்ததை அப்படியே எழுதிவிட்டார்கள்.

தலைமையாசிரியருக்கு "சில பெயர்களில் பிழை உள்ளது, திருத்த அனுமதி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால், எதைப் பார்த்து அவர் கையெழுத்துப் போடுவார்? நான் இப்படி எழுதினேன்:

"ஐயா, கீழ்க்கண்ட மாணவியின் பெயர் சேர்க்கைப் பதிவேட்டில் Kayalvili என உள்ளது. பிறப்புச் சான்றிதழின்படி Kayalvizhi எனத் திருத்த ஒப்புதல் வேண்டுகிறேன். பெற்றோர் விண்ணப்பமும் சான்றிதழ் நகலும் இணைத்துள்ளேன்."

அதன் கீழே சேர்க்கை எண், வகுப்பு, இப்போதுள்ள எழுத்து, சரியான எழுத்து, ஆதாரம். பல பிள்ளைகள் என்றால் ஒவ்வொருவருக்கும் தனி வரி.

பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நமக்குச் சரியென்று படுகிற எழுத்து ஆதாரமாகாது. சான்றிதழிலேயே பிழை இருந்தால் அந்தப் பிள்ளையை இந்தக் கடிதத்தில் சேர்க்காதீர்கள். பெற்றோர் முதலில் அதைத் திருத்தி வரட்டும்.

ஒப்புதல் வந்ததும் பழைய பெயரை வெள்ளை மை பூசி மறைக்கக் கூடாது. படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, தலைமையாசிரியரிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

சிபிஎஸ்இ பள்ளியானால் இதையெல்லாம் 9ஆம் வகுப்புப் பதிவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அங்கே ஏறும் எழுத்துதான் 10ஆம் வகுப்புச் சான்றிதழிலும் வரும்.