மேலதிகாரிக்கு மெயில்: காரத்தைக் குறையுங்கள், தேதியைக் குறைக்காதீர்கள்

ஒப்புதல் தராமல் இழுத்தடிக்கும் மேனேஜருக்குக் கடுப்பில் இப்படி எழுதுகிறோம்: "2 வாரமாக நீங்கள் கொட்டேஷனை அப்ரூவ் செய்யவில்லை. ஏற்கெனவே சொன்னேன். தாமதமானால் நான் பொறுப்பல்ல."

இதில் உறுத்துவது மூன்று இடங்கள்: வாக்கியத்தின் எழுவாயாக நிற்கும் "நீங்கள்", குத்திக்காட்டும் "ஏற்கெனவே", கையைக் கழுவும் கடைசி வரி. எழுவாயை ஆளிலிருந்து வேலைக்கு மாற்றினாலே பாதிக் காரம் போய்விடும்.

"சார், 3ஆம் தேதி அனுப்பிய கொட்டேஷன் உங்கள் ஒப்புதலுக்காக நிற்கிறது. இந்த விலை 20ஆம் தேதி வரைதான். 18ஆம் தேதிக்குள் ஒப்புதல் கிடைத்தால் இதே விலையில் ஆர்டர் போட்டுவிடுவேன். தொகையில் மாற்றம் வேண்டுமானால் சொல்லுங்கள், சப்ளையரிடம் பேசுகிறேன். கொட்டேஷனை மறுபடி இணைத்துள்ளேன்."

தாமதம் யாரால் என்று எங்கும் சொல்லவில்லை; 3ஆம் தேதி என்பதே அதைச் சொல்லிவிடுகிறது. 20க்கு முன் 18 என்று கேட்பது, ஆர்டர் போட 2 நாள் கையில் இருக்கத்தான்.

பலர் சறுக்குவது இதற்கு நேர் எதிர்ப்பக்கம். "தொந்தரவுக்கு மன்னிக்கவும், நேரம் கிடைக்கும்போது பாருங்கள்" என்று எழுதினால் அவசரமில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். தவறு உங்களுடையது இல்லையென்றால் மன்னிப்பு வேண்டாம். "முடிந்தால்" என்ற சொல்லையும் தேதிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மெயில் எவ்வளவு பணிவாக இருந்தாலும், அவருடைய மேலதிகாரியை சிசியில் போட்டால் அது புகார்க் கடிதம்தான். முதல் நினைவூட்டலில் அது வேண்டவே வேண்டாம்.