மேக்கப்புக்கு மேல் சன்ஸ்கிரீன்: பவுடரை மட்டும் நம்பாதீர்கள்

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோவிலுக்குப் போய்வந்த மறுநாள், சித்தியின் மகளுக்குக் கன்ன மேடும் மூக்குத் தண்டும் சிவந்து எரிந்தன. காலமை சன்ஸ்கிரீன் பூசி, அதற்கு மேல் பவுண்டேசனும் போட்டுக்கொண்டுதான் போனவள். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் எஸ்.பி.எஃப். 50 பவுடரை பிரஷ்ஷால் தடவியிருக்கிறாள். "ரெண்டு தரம் போட்டனான்தானே அக்கா, பிறகேன் இப்பிடி?" என்று கேட்டாள்.

பிழை அளவில்தான். ஒரு சதுர சென்டிமீற்றர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துத்தான் அந்த 50 என்ற எண்ணைத் தருகிறார்கள். அந்தக் கணக்கில் முகத்துக்கு மட்டும் ஒரு கிராமுக்குக் கிட்டத் தேவை. ஒரு கிராம் பவுடரை ஒரு கடதாசியில் கொட்டிப் பாருங்கள்; அவ்வளவையும் முகத்தில் அப்பிக்கொண்டு யாரும் வெளியில் போகமாட்டார்கள். பிரஷ்ஷில் ஒட்டி வருவது அதில் சிறு பங்குதான். அதோடு, அவள் வியர்வையைத் துடைக்காமலே தடவியிருக்கிறாள். நெற்றியில் பவுடர் திட்டுத் திட்டாய்க் கட்டிக்கொண்டது; இடையில் வெறுந்தோல். பவுடரை மினுமினுப்புப் போக்கக் கடைசியாகப் போடலாம், காவலுக்கு அது காணாது.

மேக்கப்புக்கு மேல் திரும்பப் போட நான் சன்ஸ்கிரீன் ஸ்டிக்கைத்தான் சொல்வேன். ஆனால் அதை நேரே முகத்தில் இழுத்தால் அதன் மெழுகு பவுண்டேசனையும் இழுத்துக்கொண்டு வரும், கோடு விழும். முதலில் டிசுவை முகத்தில் ஒற்றி எடுங்கள். லேஞ்சியால் தேய்த்தால் காலமை பூசியதும் சேர்ந்து போய்விடும். பிறகு ஸ்டிக்கை மேக்கப் ஸ்பொஞ்சில் நன்றாகத் தேய்த்து, நெற்றி, மூக்கு, கன்ன மேடு என்று பகுதி பகுதியாக ஒற்றுங்கள். ஸ்பொஞ்சும் கொஞ்சத்தைக் குடிக்கும் என்பதால் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று தரம் ஒற்ற வேண்டும். ஒற்றி முடிந்ததும் தோல் இலேசாக மினுங்க வேண்டும். மினுக்கமே இல்லையென்றால் பூசியது போதவில்லை. காதையும் மறக்க வேண்டாம்.

சன்ஸ்கிரீன் ஸ்பிரேயை முகத்துக்கு நேரே அடிப்பதுதான் மற்றப் பெரிய பிழை. கண்ணிலும் மூச்சிலும் போகும். வெளியில் காற்றடித்தால் பாதி காற்றோடு போய்விடும். அதையும் ஸ்பொஞ்ச் நனையும் வரை அடித்து ஒற்றுங்கள். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்று ஒருநாளும் அடிக்கக்கூடாது. அனேகமான ஸ்பிரேக்கள் தீப்பற்றக்கூடியவை. பூசிய இடம் காயும் வரையும் அடுப்படிக்குப் போக வேண்டாம்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் என்பது பொதுக் கணக்கு. வியர்த்து ஒழுகினால் அதற்கு முன்பே போட வேண்டும். மேக்கப்புக்கு மேல் எதை ஒற்றினாலும் வெறுந்தோலில் கிரீம் பூசியதுபோல வராது. அதனால் அடுத்த முறை நேர்த்திக்கு முழுநாளும் நிற்பதென்றால் பவுண்டேசனை விட்டுவிட்டு, கிரீமையே திரும்பத் திரும்பப் பூசச் சொல்லியிருக்கிறேன், குடையும் கொண்டுபோவாள்.