சொந்த பிராண்டு இறக்கும் பனியன் கம்பெனிகள் எங்கே சறுக்குகின்றன?

திருப்பூரில் பல வருடம் வெளிநாட்டு பையருக்குத் தைத்துக் கொடுத்த கம்பெனி சொந்தப் பெயரில் டி-ஷர்ட் இறக்கும்போது, தையலில் தவறு நடப்பது அபூர்வம். முதல் சறுக்கல் விலைக் கணக்கில்தான். ஆர்டர் வேலையில் அடக்க விலையோடு லாபத்தைச் சேர்த்தால் போதும்; எல்லா பீஸையும் பையர் எடுத்துக்கொள்வார். சொந்தச் சரக்குக்குக் கடை விலையிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

எம்.ஆர்.பி. 499 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 5 சதவீத ஜிஎஸ்டி சுமார் 24 ரூபாய். கடைக்காரருக்கு 35 சதவீதம் என்றால் 175, விநியோகஸ்தருக்கு 10 சதவீதம் என்றால் 50. மிச்சம் 250. அடக்கம் 210 ஆனால் கையில் நிற்பது 40 ரூபாய். ஆயிரம் பீஸில் 150 விற்காமல் தங்கி, கடைசியில் நூறு ரூபாய்க்குத் தள்ளினால் 16,500 ரூபாய் நஷ்டம். விற்ற 850 பீஸில் வந்த 34,000 ரூபாயில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே போய்விடும். விளம்பரச் செலவை இன்னும் தொடவே இல்லை.

அந்த 150 பீஸ் ஏன் தங்குகிறது? பெரும்பாலும் கலர் ஆசையால். சாயப்பட்டறையில் ஒரு கலருக்கு 200 கிலோ போட்டால்தான் விலை கட்டுபடியாகும் என்று வையுங்கள். 180 ஜிஎஸ்எம் துணியில், வெட்டுக் கழிவு போக, கிலோவுக்கு நாலு பீஸுக்குச் சற்று மேல் வரும். ஆக ஒரு கலரே எண்ணூறு, தொள்ளாயிரம் பீஸ். எட்டு கலர் என்றால் ஏழாயிரம் பீஸ், பெயர் தெரியாத பிராண்டுக்கு. முதல் சீசனுக்குக் கருப்பு, வெள்ளை, நேவி ஆகிய மூன்று போதும். புதுக் கலரைப் பார்க்க ஆசையிருந்தால், சாயம் போட்ட துணியைச் சில்லறையாக வாங்கி நூறு பீஸ் தைத்து விட்டுப் பாருங்கள். கிலோ விலை கூடுதல்தான், ஆனால் கிடங்கில் தூங்காது.

சைஸையும் சமமாகப் பிரிக்காதீர்கள். எம், எல் முதலில் தீரும். எஸ்ஸும் டபுள் எக்ஸ்எல்லும் மட்டும் மிஞ்சிய ரேக்கைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். ஐரோப்பிய பையரின் பேட்டர்னை அப்படியே போடுவதும் ஆபத்து. தோள், வயிற்றுச் சுற்றளவு நம்மூர் உடம்புக்கு வேறு. இருபது முப்பது பேருக்கு அணிவித்துப் பார்த்து அளவைத் திருத்தியபின் கட்டிங்குக்குப் போங்கள். பையரின் பேட்டர்ன், டிசைன் ஆகியவை பெரும்பாலும் ஒப்பந்தப்படி அவருக்கே சொந்தம் என்பதும் நினைவிருக்கட்டும்.

பெயரை லேபிள் அடிக்கும் முன்பே தேடுங்கள். ஆடைக்கு வணிகச் சின்ன வகுப்பு 25. அரசின் இணையத் தேடல் இலவசம். ஆட்சேபனை பிறகு வந்தால், தைத்து முடித்த ஒவ்வொரு கழுத்து லேபிளையும் பிரித்து மாற்ற வேண்டியிருக்கும்.