சஸ்பென்ஷன் காலத்தில் பிழைப்பூதியத்தை இழக்கவைக்கும் தவறுகள்

ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் மாதம் 18,000 ரூபாய் வாங்கிய ஒருவரை ஜூன் 1 அன்று விசாரணையை எதிர்நோக்கி இடைநீக்கம் செய்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்யக்கூடிய முதல் தவறு, "பாதிச் சம்பளம் தருகிறார்களே, போதும்" என்று இருந்துவிடுவது. இடைநீக்கக் காலத்தில் ஊழியருக்கு நிர்வாகம் தரவேண்டிய தொகைதான் பிழைப்பூதியம். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டு பிழைப்பூதியச் சட்டப்படி, பாதி என்பது முதல் 90 நாளுக்குத்தான். அடுத்த 90 நாளுக்கு 75 சதவீதம். அதன்பின் முழு ஊதியம்.

நாள்களை இடைநீக்கத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்த நாளிலிருந்து எண்ணுவதும் பலர் செய்யும் பிழைதான். நம்மவருக்கு ஆகஸ்ட் 29 வரை மாதம் 9,000 ரூபாய். ஆகஸ்ட் 30 முதல் நவம்பர் 27 வரை 13,500. நவம்பர் 28 முதல் 18,000. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு, பஞ்சப்படியை விட்டுவிடுகிறார்களா என்று ரசீதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசு ஊழியர்களுக்கு விதிகள் வேறு. இந்தக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

இரண்டாவது தவறு, வாய்தா கேட்டுக்கொண்டே போவது. தாமதத்துக்கு ஊழியரே நேரடிக் காரணம் என்றால் உயர்ந்த விகிதம் கைக்கு வராது. உடல்நிலை சரியில்லாமல் தேதி கேட்டால் மருத்துவச் சான்றோடு கேளுங்கள். நிர்வாகத்தின் சாட்சி வராமல் தள்ளிப்போனால், அதை அன்றைய விசாரணைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். யாரால் தாமதம் என்ற வழக்கில் பிறகு பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

மூன்றாவது, சும்மா இருக்கிறோமே என்று வேறு கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்வது. பிழைப்பூதியம் வேலையில்லாதவருக்கு உரியது. வேறு வேலையில் இல்லை என்ற சான்றை நிர்வாகம் கேட்டால், மாதாமாதம் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பணமே வராவிட்டால்? பெரும்பாலோர் கோபத்தில் விசாரணைக்கே போகாமல் நின்றுவிடுகிறார்கள். நிர்வாகம் ஒருதலையாக விசாரித்து வேலைநீக்க உத்தரவு போட இதைவிட வசதி வேறில்லை. கிருஷ்ணகிரிக்கு அடுத்திருக்கும் கோலார் தங்கவயலில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த பால் அந்தோணியின் வழக்கு இங்கே உதவும். பிழைப்பூதியம் கொடுக்கப்படாததால், கேரளத்திலிருந்த சொந்த ஊரிலிருந்து விசாரணைக்கு வந்துபோக அவரிடம் பணமில்லை. விசாரணை அவர் இல்லாமலே முடிந்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணை செல்லாது என்றது.

ஆனால் அந்தத் தீர்ப்பை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. வர முடியாததற்குக் காரணம் பணமில்லாததுதான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு ஊழியருடையது. எனவே முதல் மாதப் பணம் வராதபோதே நிர்வாகத்துக்கும் விசாரணை அதிகாரிக்கும் பதிவுச் சேவையோடு ஸ்பீட் போஸ்ட்டில் எழுதுங்கள். எத்தனை மாதம் பாக்கி, எவ்வளவு தொகை, ஊரிலிருந்து விசாரணைக்கு வந்துபோக என்ன செலவு என்று குறிப்பிடுங்கள். கடிதம் சேர்ந்ததற்கான சான்று கைக்கு வந்ததும், அந்த நகல்களோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.