ஐவி ரேங்க்: ரிசல்ட்டுக்கு முன் ஆப்ஷன் வாங்குவதா, விற்பதா?

ஒரு கம்பெனியின் காலாண்டு ரிசல்ட்டுக்கு முந்தின நாள், 100-ல் இருந்த பங்கின் 100 ஸ்ட்ரைக் காலை 4 கொடுத்து வாங்கினேன். மறுநாள் பங்கு 103-ல் திறந்தது. திசை சரி, ஆனால் கால் 3.20-க்கு இறங்கியிருந்தது! ரிசல்ட் வந்ததும் ஐவி, அதாவது பங்கு எவ்வளவு ஏறி இறங்கும் என்று ஆப்ஷன் விலையில் பொதிந்திருக்கும் எதிர்பார்ப்பு, சரிந்ததுதான் காரணம். கால், புட் அடிப்படை தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ரேங்க், அதாவது ஓராண்டின் குறைந்த ஐவிக்கும் உயர்ந்த ஐவிக்கும் நடுவில் இன்றைய ஐவி எங்கே நிற்கிறது என்பது. ஓராண்டின் குறைந்த ஐவி 20, உயர்ந்தது 60, இன்று 48 என்றால்:

```
(48 - 20) / (60 - 20) * 100 = 70
```

எழுபது என்றால் பிரீமியம் விலை ஏறியிருக்கிறது, அதனால் விற்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் மாட்டிக்கொண்ட அடுத்த இடம் இதுதான். ரிசல்ட்டுக்கு முன் ரேங்க் ஏறுவது வழக்கமான ஒன்று. அது விலை அதிகமா என்பதைச் சொல்லாது.

அதனால் அடுத்ததாக, ரிசல்ட்டுக்குப் பின் முதலில் வரும் எக்ஸ்பைரியில் 100 ஸ்ட்ரைக் காலும் புட்டும் சேர்ந்து என்ன விலை என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து 8 என்றால், ஏறக்குறைய 8 சதவீத நகர்வை சந்தை எதிர்பார்க்கிறது. பிறகு கடந்த எட்டு ரிசல்ட்டுகளில் பங்கு எவ்வளவு நகர்ந்தது என்று பழைய விலைகளிலிருந்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு எனக்கு விரிதாள்தான் பிடிக்கும், கலர் கலரான ஸ்கேனர்களை நம்புவதில்லை.

பெரும்பாலும் 4, 5 சதவீதம்தான் என்றால் விற்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் வெறுமனே விற்காதீர்கள், ஒரே ஒரு 15 சதவீத நகர்வு போதும், பல மாத லாபம் போய்விடும். 108 காலையும் 92 புட்டையும் விற்று, 113 காலையும் 87 புட்டையும் வாங்குங்கள். கைக்கு 1.50 வந்தால் அதிகபட்ச நட்டம் 3.50, அதற்கு மேல் இல்லை. அந்தப் பட்டியலில் 9, 11 என்றெல்லாம் வந்தால் ரேங்க் 70-ஆக இருந்தாலும் நான் விற்க மாட்டேன்.

வாங்குவது ரேங்க் குறைவாக இருக்கும்போது. அதாவது மூன்று வாரம் முன்பே, ஐவி 26, ரேங்க் 15 என்று கிடக்கையில் ரிசல்ட்டைத் தாண்டிய எக்ஸ்பைரியில் ஸ்ட்ராடில், அதாவது ஒரே ஸ்ட்ரைக்கில் காலும் புட்டும் சேர்த்து வாங்கி, ரிசல்ட்டுக்கு முந்தின நாளே விற்றுவிடுவது. ஐவி ஏறும், ஆனால் நாள் தேய்மானம் அதைத் தின்றுகொண்டே இருக்கும். ரிசல்ட் தேதி சந்தைக்கும் தெரியும் அல்லவா, அந்த எக்ஸ்பைரியின் விலையில் அந்த எதிர்பார்ப்பு ஓரளவு ஏற்கெனவே ஏறியிருக்கும். அதனால் சிறிய தொகைதான்.

பிற்சேர்க்கை: ஒருவர் தன் பங்குக்கு ஐவி 48-லும் ரேங்க் 28 காட்டுகிறது என்று கேட்டிருந்தார். நடுவில் ஒரு நாள் பீதியில் ஐவி 120 தொட்டிருக்கிறது, வகுக்கும் எண் 40-லிருந்து 100 ஆகிவிட்டது. இப்படி ஒற்றை உச்சம் இருந்தால் ஐவி பர்சன்டைலைப் பாருங்கள், அது இன்றைய ஐவியை விடக் குறைந்த நாட்கள் எத்தனை சதவீதம் என்று எண்ணுவதால் அந்த ஒரு நாள் அதைப் பெரிதாக அசைக்காது.