கரண்ட் வந்ததும் பேச்சை எடுத்தது தான் தப்பு

பாங்காக்ல வேலைக்குப் போகலாமான்னு வீட்டுக்காரிகிட்ட கேக்க நாலு நாளா முயற்சி பண்ணேன். யாங்கோன்ல ராத்திரி கரண்ட் வந்து ஃபேன் ஓடும்போது நிம்மதியா இருப்பான்னு நெனச்சு ஆரம்பிச்சா எரிஞ்சு விழுந்தா. சாப்பிடும்போது கேட்டேன், பிள்ளைங்க முன்னாடி வேணாம்னு எழுந்து போய்ட்டா.

அப்புறம் தான் கவனிச்சேன், கரண்ட் வந்த உடனே தண்ணி மோட்டார், சோறு, போன் சார்ஜ்னு எல்லாத்தயும் அது போறதுக்குள்ள முடிக்க ஓடிட்டு இருக்கா, நான் மட்டும் தான் சும்மா உக்காந்திருக்கேன்.

சனிக்கிழமையே "நாளைக்கு வேலை விஷயமா அரை மணி நேரம் பேசணும், நான் இன்னும் முடிவு பண்ணல, உன் யோசனை வேணும்"னு சொல்லிட்டு காலைல கண்டாஜி ஏரிப்பக்கம் நடக்கக் கூட்டிட்டுப் போனேன். பக்கத்துல நடக்கும்போது மூஞ்சியப் பாத்துட்டே பேச வேண்டியதில்ல, அவளே அம்மாவ யாரு பாத்துப்பான்னு கேட்டா. அப்பாடான்னு இருந்துச்சு. மிச்சத்த அடுத்த ஞாயித்துக்கிழமை பேசுறதா வச்சிருக்கோம்.